பழைய படித்திறனை வீசிவிடாத கணக்கு: ஒரு துளி இரசத்திலிருந்து பீரங்கிக் குண்டு வரை

கண்ணாடித் தட்டில் ஒரு துளி இரசத்தை விட்டால் அது மேலே உருண்டும் கீழே தட்டையாகியும் நிற்கும். அந்த வளைவின் சரியான வடிவம் என்ன? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் பாஷ்ஃபோர்த்துக்கு இது பெரிய கேள்வி. துளியை அளந்து, மேற்பரப்பு இழுவிசைக் கொள்கை தரும் வடிவத்தோடு ஒப்பிட அவர் விரும்பினார். சமன்பாடு கையில் இருந்தது, ஆனால் அதைத் தீர்த்து ஒரு சூத்திரமாக எழுத முடியாது. வளைவில் சிறு சிறு அடியாகத்தான் நடந்து போகலாம். ஒவ்வொரு அடியிலும் படித்திறனைக் காண சைன் அட்டவணையும் மடக்கை அட்டவணையும் புரட்ட வேண்டும். நேரம் எல்லாம் அங்கேதான் போகும்.

வழி சொன்னவர் ஜோன் கூச் அடம்ஸ். நெப்டியூன் கிரகம் இருக்கும் இடத்தைக் கணக்கால் தேடியவர்களில் ஒருவர் என்று நாம் கேள்விப்பட்ட அதே அடம்ஸ்தான். இருவரின் நூலும் 1883இல் வெளிவந்தது. அடம்ஸின் எண்ணம் எளிமையானது. முன்னைய அடிகளில் கஷ்டப்பட்டுக் கண்ட படித்திறன்கள் தாளிலேயே இருக்கின்றனவே, அவற்றை ஏன் மறக்க வேண்டும்?

ஒரு கோப்பை பிளேன்டீயை வைத்துப் பார்ப்போம். அது அறையை விட 50 பாகை சூடு. நிமிடத்துக்கு, மிச்சமிருக்கும் சூட்டின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஆறுகிறது என்போம். தொடக்கப் படித்திறன் −5. ஒரு நிமிடத்தில் சூடு 45.2419, படித்திறன் −4.5242. (இந்த முதல் அடிக்குப் பின்னால் பழைய படித்திறன் இல்லை. அதனால் அதை வேறு வழியில், இங்கே அடுக்குத் தொடரால், கண்டோம். இம்முறைக்கு எப்போதும் இப்படி ஒரு கைகொடுப்புத் தேவை.)

இரண்டாம் நிமிடத்தில் எவ்வளவு? இப்போதைய படித்திறனை மட்டும் நம்பி நடந்தால் 40.7177. உண்மை 40.9365. படித்திறன் போகப் போகக் குறைவதை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை. ஆனால் முந்தைய நிமிடத்தில் அது எவ்வளவு மாறியது என்று நமக்குத் தெரியும். அதே போக்கில் இன்னும் அரை நிமிடம் நகர்த்தினால் அடுத்த அடியின் நடுப்புள்ளிப் படித்திறன் கிடைக்கும்:

(3 × −4.5242 + 5) ÷ 2 = −4.2863

45.2419இலிருந்து இதைக் கழித்தால் 40.9556. இது முன்கணிப்பு. புதிதாக ஒரு படித்திறன்கூடக் காணவில்லை.

இனி அந்த இடத்தில் ஒரே ஒரு புதிய படித்திறன் காண்போம்: −4.0956. இதற்கும் −4.5242க்கும் சராசரி −4.3099. அதை வைத்து மீண்டும் நடந்தால் 40.9320. இது திருத்தம். பிழை 0.02 அளவிலிருந்து 0.005க்குள் வந்துவிட்டது.

எமக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த விடயம். முன்கணிப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே வித்தியாசம் 0.0236. இந்தச் சோடிச் சூத்திரங்களில் திருத்தத்தின் பிழை அந்த வித்தியாசத்தின் ஆறில் ஒன்றளவு, அதாவது ஏறத்தாழ 0.004. உண்மைப் பிழை 0.0045. விடை தெரியாமலே பிழையின் அளவு கையில் வருகிறது, அதுவும் மேலதிகக் கணக்கு ஏதுமின்றி.

பெயர் விடயத்தில் வரலாறு கொஞ்சம் கோணல்தான். முன்கணிப்புச் சூத்திரங்களை அடம்ஸ்–பாஷ்ஃபோர்த் என்றும் திருத்தச் சூத்திரங்களை அடம்ஸ்–மோல்ட்டன் என்றும் சொல்கிறோம். இரண்டு வகையும் அடம்ஸிடமே இருந்தன. அமெரிக்க வானியலாளர் பாரஸ்ட் ரே மோல்ட்டன், முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவத்துக்காகக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டவர். முன்கணித்துத் திருத்தும் வழியை 1926இல் வெளிவந்த தன் நூலில் விளக்கினார். (பாஷ்ஃபோர்த்தும் குண்டுகளுக்குக் காற்று தரும் தடையை அளந்து பெயர் பெற்றவர்தான்.)

பழையதை நம்பும் முறைக்குப் பழையதே பகையாவதும் உண்டு. முதல் நிமிடம் முடிந்ததும் யாரோ ஃபேனைப் போட்டு, தேநீர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆறத் தொடங்குகிறது என்று வையுங்கள். தாளில் இருக்கும் −5 ஃபேன் இல்லாத கோப்பையின் கதை. அதையும் சேர்த்துக் கணித்தால் முன்கணிப்பு 37.56, திருத்தம் 39.03. உண்மை 38.94. வித்தியாசம் 0.02 அளவிலிருந்து ஒரேயடியாக 1.47க்குப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே எச்சரிக்கை. அப்போது பழைய படித்திறன்களை மூடிவைத்து, அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் காற்றுத் தடை சடுதியாக மாறும். அங்கே அடியைப் பாதியாக்கலாம். ஆனால் அரை அடி தூரத்தில் இருக்க வேண்டிய பழைய படித்திறன்கள் தாளில் இருக்காது, அவற்றை இடையில் கணித்து நிரப்ப வேண்டும். மிச்சம் பிடித்த உழைப்பில் ஒரு பகுதி அங்கே திரும்பிப் போய்விடும்.