7,700 என்ற எண்ணின் கதை: மினசோட்டாவிலிருந்து புனே வரை

கசார்வாடியின் உடற்பயிற்சிக் கூடங்களில் மட்டுமன்று, எங்கும் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. அன்றாடம் 500 கலோரி குறைத்து உண்டால் பதினைந்து பதினாறு நாளில் ஒரு கிலோ குறையும். முதல் மாதம் இந்தக் கணக்கு பொய்ப்பதில்லை. சில வேளைகளில் எடை கணக்கை மிஞ்சியே இறங்கும். எட்டாம் வாரம், பத்தாம் வாரம் என்று செல்லும்போதுதான் தராசும் கணக்கும் வெவ்வேறு எண்களைச் சொல்லத் தொடங்குகின்றன. பயிற்சியாளர் வாடிக்கையாளரை ஐயுறுகிறார். வாடிக்கையாளர் தம்மையே நொந்துகொள்கிறார். கணக்கின் வரலாற்றை எவரும் கேட்பதில்லை.

இந்த எண் பரவலாக வேரூன்றக் காரணமானவர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மருத்துவராக இருந்த மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி. 1958இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் வாதம் எளியது. கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 87 விழுக்காடு கொழுப்பு. மீதி பெரும்பாலும் நீர். ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கலோரிக்குச் சற்று மேல். ஆகவே ஒரு பவுண்டு திசுவுக்கு 3,500 கலோரி. அதைக் கிலோவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 7,700. இதில் பிழையில்லை. கொழுப்புத் திசுவில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதற்கு இது இன்றும் சரியான விடை. இவ்வளவு உண்டால் இத்தனை நாளில் எவ்வளவு குறையும் என்ற வேறொரு கேள்விக்கு அதையே விடையாக்கியபோதுதான் சிக்கல் நேர்ந்தது. அந்த இரண்டாம் கேள்விக்கு உடலின் அன்றாடச் செலவு மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தேவை. அந்த நிபந்தனை நிற்காது என்பது 1958க்கு முன்பே அச்சேறியிருந்தது என்பதே எனக்கு வியப்பு.

1944 நவம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஆய்வைச் சொல்கிறேன். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் பங்கேற்றனர். முதல் பன்னிரண்டு வாரம் இயல்பான உணவு; பிறகு 24 வாரம் அரைப்பட்டினி. இறுதிவரை நின்ற 32 பேரின் சராசரி உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,490 கலோரியிலிருந்து 1,570 கலோரியாகக் குறைந்தது.

நம் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்போம். அன்றாடக் குறைவு 1,920 கலோரி. 168 நாளில் சுமார் 3,22,500. அதை 7,700ஆல் வகுத்தால் 42 கிலோ. தொடக்கத்தில் அவர்களின் சராசரி எடை 69.4 கிலோ. கணக்கு மெய்யானால் ஒவ்வொருவரும் 27 கிலோ எடையில் முடிந்திருக்க வேண்டும். அதாவது உயிரோடிருந்திருக்க முடியாது. உண்மையில் எடை 52.6 கிலோவில் வந்து நின்றது. குறைந்தது ஏறத்தாழ 17 கிலோ. அதிலும் கொழுப்பு பாதிக்கும் குறைவே. தசையும் நீரும் கலந்த மற்றத் திசுவில் கிலோவுக்குள்ள ஆற்றல் கொழுப்பினதைவிட மிகக் குறைவு என்பதால், உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்த ஆற்றல் அந்த 17 கிலோ காட்டுவதைவிடவும் சிறியது. இறுதி வாரங்களில் அதே 1,570 கலோரியில் எடை ஏறக்குறைய அசையாமல் நின்றது. பற்றாக்குறை முழுவதும் கரைந்துவிட்டிருந்தது.

அது எங்கே போயிற்று? கீஸும் அவருடைய சகா ஹென்றி டெய்லரும் 1950இல் அதைப் பகுத்துக் காட்டினர். செலவுக் குறைவில் பாதிக்கும் மேல் உடல் அசைவிலிருந்து வந்தது. வாரத்துக்கு 22 மைல் நடப்பது அவர்களுக்குக் கட்டாயம். ஆனால் கட்டாயமில்லாத அசைவுகள், அதாவது எழுந்து நிற்பது, படியேறுவது, கையைக் காலை ஆட்டுவது எல்லாம் ஓய்ந்தன. மெலிந்த உடலைச் சுமந்து நடக்கும் செலவும் குறைந்தது. அடுத்த பெரும்பங்கு, படுத்திருக்கும்போதும் நிகழும் அடிப்படை வளர்சிதை மாற்றத்தின் தணிவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்கு உடல் சிறுத்ததே காரணம். எஞ்சிய ஒரு பங்குதான் திசுக்கள் உண்மையிலேயே சிக்கனமாக இயங்கியதன் பயன். உணவைச் செரிக்கும் செலவு குறைந்தது சிறுபங்கு. ‘உடல் தகவமைகிறது’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கற்பனை செய்யும் மாயச் சிக்கனம், மொத்தத்தில் மிகச் சிறிய பகுதியே.

இந்தப் பகுப்பு ஏன் முக்கியம் என்பதைப் புனேயில் நடந்த விவாதம் காட்டுகிறது. அங்கே பேசப்பட்டவர்கள் பருமனானவர்கள் அல்லர், பசித்தவர்கள். கோகலே நிறுவனத்தின் வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் இந்திய வறுமை பற்றிய தம் ஆய்வில் நாளொன்றுக்கு 2,250 கலோரியை அளவுகோலாகக் கொண்டனர். உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளியியல் பணியை முடித்துப் புனேக்குத் திரும்பியிருந்த பி. வி. சுகாத்மே இதை மறுத்தார். ஒரே மனிதனின் தேவை நிலையான எண் அன்று; அது ஒரு வரம்புக்குள் ஏறி இறங்கும்; அந்த வரம்புக்குள் உடல் தன் செலவைத் தானே சீர்செய்துகொள்ளும்; ஆகவே சராசரிக்குக் கீழே உண்பவரெல்லாம் குறையுணவினர் ஆகமாட்டார் என்பது அவர் வாதம். 1982இல் ஷெல்டன் மார்கனுடன் சேர்ந்து அதை விரிவாக வெளியிட்டார். அளவுகோல் தாழ்ந்தால் பசித்தோரின் எண்ணிக்கையும் தாழும் என்பதால் தாண்டேகர் கடுமையாக எதிர்த்தார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலனின் எதிர்ப்பு வேறு கோணத்தில் வந்தது. உடல் தகவமைவதை அவர் மறுக்கவில்லை. சிறுத்த உடலும் குறைந்த உழைப்புமே அந்தத் தகவமைவின் விலை என்றார். அவ்விலையைக் கணக்கில் சேர்க்காமல் அதை நலம் என்று அழைக்கக் கூடாது என்றார். மினசோட்டாப் பகுப்பை அருகில் வைத்துப் படித்தால், என் பார்வையில் கோபாலன் பக்கமே வலுவானது.

செலவு மாறாது என்று கொள்ளும் உடற்பயிற்சிக் கூடத்துக் கணக்கு ஒரு கோடி. விலையின்றி மாறும் என்ற சுகாத்மேயின் வாதம் மறுகோடி. இவற்றுக்கு நடுவே, கசார்வாடியில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் 500 கலோரி குறைக்கிறார் என்று கொள்வோம். பழைய கணக்குப்படி ஓராண்டில் ஏறத்தாழ 24 கிலோ குறைய வேண்டும். கெவின் ஹாலும் குழுவினரும் 2011இல் ‘லான்செட்’ இதழில் தந்த தோராய விதி வேறு: நிலையாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் இறுதியில் ஒரு கிலோ; அதில் பாதி வர ஓராண்டு, பெரும்பகுதி முடிய மூன்றாண்டு. 500ஐ 24ஆல் வகுத்தால் இறுதியில் 21 கிலோ. முதலாண்டில் பத்து கிலோ அளவே. ஐந்து கிலோ குறைந்த நிலையில் அவர் உடலின் செலவு சுமார் 120 கலோரி தணிந்திருக்கும். உணவை அவர் மாற்றவில்லை. ஆயினும் பற்றாக்குறை 380 ஆகிவிட்டது. முதல் வாரங்களின் வேகம் கிளைக்கோஜனும் அதனோடு கட்டுண்ட நீரும் வெளியேறியதால் வந்தது. அதைக் கொழுப்பின் வேகமாகக் கொண்டவருக்கு ஏமாற்றம் இரட்டிப்பாகும்.

ஆனால் இந்த விதியே ஓர் எல்லையையும் காட்டுகிறது. தகவமைவு எடை இறங்கும் வேகத்தைப் படிப்படியாக மட்டுப்படுத்தும். இந்த அளவு பற்றாக்குறையை இரண்டு மூன்று மாதத்தில் அது முழுவதும் அழிக்காது. பத்தாம் வாரத்தில் எடை அடியோடு நின்று, அடுத்த பல வாரங்களும் அசையாவிட்டால், உடலில் நீர் தேங்கியிருக்கலாம். அல்லது, பெரும்பாலும், பசி கூடி உணவளவு தானறியாமல் ஏறியிருக்கும். மினசோட்டாவில் சமையலறை ஆய்வாளர் கையில் இருந்தது. அதனால்தான் அங்கே பசி எடைக்கணக்கில் நுழைய முடியவில்லை. நாளெல்லாம் உணவைப் பற்றியே பேசிக்கொண்டும், சமையல் நூல்களைச் சேகரித்துக்கொண்டும் அவ்விளைஞர்கள் அதைத் தாங்கினர். கட்டுப்பாடு நீங்கி வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றானபோது, சிலர் நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டும் பசி அடங்கவில்லை என்றனர். இழந்த தசை திரும்புமுன்பே கொழுப்பு திரும்பி, பழைய அளவையும் கடந்தது.