ஒரே பாடவேளை, இரண்டு குறிப்புகள்

ஒப்பிடுவதற்காக ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புக் கணக்கு, வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல், 40 நிமிடம். வகுப்பின் பின்பக்கம் ஸ்டாண்டில் நிறுத்திய கைபேசியில் முழுப் பாடமும் பதிவாகியிருக்கிறது. ஆசிரியர் பயிற்றுநர்கள் இருவர் அதைத் தனித்தனியே பார்த்து, பாடம் நடத்திய ஆசிரியைக்கு நிறைகளும் ஆலோசனைகளும் எழுதித் தருகிறார்கள்.

முதல் குறிப்பு இப்படி இருக்கிறது: "நிறைகள்: பாட அறிமுகம் சிறப்பு. துணைக்கருவி பயன்படுத்தப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் பதிலளித்தனர். தவறுகள் உடனுக்குடன் திருத்தப்பட்டன. கரும்பலகைப் பணி நன்று. ஆலோசனைகள்: மெல்லக் கற்போர் மீது கூடுதல் கவனம் செலுத்தலாம். குழுச் செயல்பாடுகளை அதிகப்படுத்தலாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே தாளைப் பக்கத்து வகுப்பில் நடந்த அறிவியல் பாடத்துக்குக் கொடுத்தாலும் பொருந்தும்.

இரண்டாவது குறிப்பின் முதல் நிறை: "6ஆவது நிமிடத்தில் ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடித்தீர்கள். 'ரெண்டுலயும் ஒரு துண்டு எடுத்தா ஒரே அளவா இருக்குமா?' என்று கேட்டீர்கள். 'இல்ல டீச்சர், இது பெருசு' என்றாள் ஒரு மாணவி. பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்ற காரணம், விதியைச் சொல்வதற்கு முன்பே வகுப்புக்குள் வந்துவிட்டது."

இரண்டு குறிப்புகளும் அந்தக் காகிதப் பட்டைகளைத்தான் பாராட்டுகின்றன. முதலாவது, துணைக்கருவி இருந்தது என்று பதிவு செய்கிறது. இரண்டாவது, அது என்ன வேலை செய்தது என்று சொல்கிறது. முதலாவதைப் படித்த ஆசிரியை அடுத்த பாடத்துக்கும் ஏதோ ஒரு துணைக்கருவி கொண்டுவருவார். இரண்டாவதைப் படித்தவர், விதிக்கு முன் காரணத்தைக் காட்டும் கேள்வி ஒன்றைத் தேடுவார். நிறை என்பது மனம் குளிர எழுதும் வரி அல்ல; மறுபடி செய்யத்தக்கது எது என்று காட்டும் வரி.

இரு குறிப்புகளும் நேருக்கு நேர் மோதும் இடம் 14ஆவது நிமிடம். ஆசிரியை கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதுகிறார். முன் வரிசைப் பையன் ஒருவன் 2/5 என்கிறான். "தப்பு. வேற யாரு?" அடுத்தவள் 5/6 என்கிறாள். "வெரி குட்!" பாடம் நகர்ந்துவிடுகிறது. முதல் குறிப்பில் 'தவறுகள் உடனுக்குடன் திருத்தப்பட்டன' என்று நிறையாக இடம்பெற்றது இந்த நிகழ்வுதான். இரண்டாவது குறிப்பில் இதுவே ஆலோசனையாக வருகிறது.

பதிவை நிறுத்திப் பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரியும். அந்தப் பையனின் தவறு திருத்தப்படவில்லை. அவனுடைய விடை ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். அவன் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறான். பின்னத்தை ஓர் அளவாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறான். 5/6 என்று இன்னொருத்தி சொன்னதால் அந்த எண்ணம் மாறிவிடாது.

இரண்டாவது குறிப்பு தரும் ஆலோசனை இது: "2/5 என்ற விடை வந்தபோது பட்டைகள் மேசை மேலேயே இருந்தன. அடுத்த முறை அரைப் பட்டையை எடுத்து, 'ஐந்தில் இரண்டு இதைவிடப் பெருசா, சிறுசா?' என்று கேட்டுப் பாருங்கள். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதே என்பதைப் பையனே கண்டுபிடிப்பான்." இந்த ஆலோசனை வெளியிலிருந்து வரவில்லை. ஆசிரியையின் சொந்தப் பட்டையை, அவர் 6ஆவது நிமிடத்தில் செய்த நல்ல வேலையை, 14ஆவது நிமிடத்துக்கு நீட்டச் சொல்கிறது. 'மெல்லக் கற்போரைக் கவனியுங்கள்' என்ற வரியோ, யாரை, எப்போது, எப்படி என்ற மூன்றையும் ஆசிரியை தலையிலேயே கட்டிவிடுகிறது.

'ஆர்வத்துடன் பதிலளித்தனர்' என்பதற்கு வருவோம். பதிவில் குரல்கள் நிறையவே கேட்கின்றன. இரண்டாவது பயிற்றுநர் பதிவை மறுமுறை ஓட்டி, கேள்விகளை மட்டும் எண்ணினார். 30 கேள்விகளில் 22க்கு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. அவற்றுள் பல 'புரிஞ்சுதா?' வகை, பதில் 'புரிஞ்சுது டீச்சர்'. தனி மாணவர் பதில் சொன்ன கேள்விகள் 8. கூட்டுக் குரலில் யாருக்குத் தெரியும், யார் வாயசைத்தார் என்பது கேட்காது. எனவே அவர் எழுதிய இரண்டாவது ஆலோசனை: "கேள்வி கேட்டபின் மூன்று விநாடி காத்திருந்து, பிறகு ஒரு பெயரைச் சொல்லுங்கள்."

அந்த மூன்று விநாடிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது. நேரில் உட்கார்ந்து கவனிப்பவருக்கு ஒரு விநாடியும் மூன்று விநாடியும் ஒன்றுபோலத்தான் தோன்றும். பதிவில்தான் அளக்க முடியும். பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து எழுதியதுபோன்ற குறிப்பைத் தருவதுதான் முதல் பயிற்றுநரின் பெரிய இழப்பு.

ஆனால் இரண்டாவது குறிப்பும் குறையற்றதல்ல. பிள்ளைகள் பயமின்றிக் கை தூக்குகிறார்கள், தவறாகச் சொன்ன பையனும் சிறிது நேரத்தில் மறுபடி கை தூக்குகிறான் என்பது அதில் இல்லை. எண்ணிக்கையில் மூழ்கியவர் வகுப்பின் முகத்தைத் தவறவிட்டார். 'ஆர்வத்துடன்' என்ற முதல் குறிப்பின் ஒற்றைச் சொல், ஆதாரம் இல்லாவிட்டாலும், அந்த உண்மையைத் தொட்டிருக்கிறது. இன்னொன்று: பின்பக்கக் கைபேசியில் பிள்ளைகளின் முதுகு தெரியும், நோட்டுகள் தெரியாது. ஆகவே 'மாணவர்கள் புரிந்துகொண்டார்கள்' என்றோ 'புரிந்துகொள்ளவில்லை' என்றோ இரண்டு பேருமே எழுத முடியாது. அதற்கு நாலைந்து நோட்டுகளை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

உழைப்பிலும் வேறுபாடு உண்டு. முதல் குறிப்பு, பதிவு முடிந்த பத்து நிமிடத்தில் எழுதப்பட்டது. இரண்டாமவர் முதலில் ஆசிரியையிடம், 'இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தீர்கள்?' என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தடவை நிறுத்தாமல் பார்த்து, நிமிடத்தையும் நடந்ததையும் மட்டும், 'நன்று', 'குறைவு' போன்ற சொற்கள் இல்லாமல் குறித்தார். மறுமுறை கேள்விகளை எண்ணினார். மூன்றாவதாக, குறித்த நான்கைந்து இடங்களுக்கு மட்டும் திரும்பினார். எழுதத் தோன்றிய ஆலோசனைகள் ஏழு, கொடுத்தது இரண்டு. ஏழையும் கையில் வாங்கியவர் எதையும் தொடங்க மாட்டார்.

கடைசியாக ஒரு சிறிய வேறுபாடு. முதல் குறிப்பில் 'பயன்படுத்தப்பட்டது', 'திருத்தப்பட்டன' என்று வினைகள் ஆளில்லாமல் நிற்கின்றன. இரண்டாவதில் 'மடித்தீர்கள்', 'கேட்டீர்கள்'. முன்னது கோப்புக்கு எழுதியது. கோப்பில் போய்ச் சேரும். பின்னது ஆசிரியைக்கு எழுதியது. அடுத்த மாதப் பதிவில் தவறான விடை ஒன்று வரும்போது அவர் கை பட்டைக்குப் போகிறதா என்று பார்த்தால், அது போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.