கொழும்பின் அரை மணி

1996ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இலங்கை அரசு தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. மின்தட்டுப்பாட்டுக் காலம் அது. மாலை வெளிச்சம் நீண்டால் விளக்கெரியும் நேரம் குறையும் என்பது கணக்கு. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, அதில் பாதியைத் திருப்பித் தந்தது. மிச்சமிருந்த அரை மணியைத் திரும்பப் பெறப் பத்தாண்டுகள் ஆயின. 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த நள்ளிரவில், ஏப்ரல் 15 பிறந்து அரை மணியானதும், கடிகாரம் மீண்டும் பன்னிரண்டுக்குப் போயிற்று. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற பழைய நேரம் திரும்பியது.

சுவர்க்கடிகாரத்தைத் திருத்தக் கை போதும். கணினிக்கு அது போதாது. கணினி உள்ளூர் நேரத்தைச் சுமந்து திரிவதில்லை. கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது. திரையில் காட்டும்போது ஓர் அட்டவணையைப் பார்த்து மணியைக் கூட்டியோ கழித்தோ சொல்கிறது. அந்த அட்டவணைதான் நேர மண்டலத் தரவுத்தளம். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. பின்னர் பால் எகர்ட் முதலான தன்னார்வலர்கள் காத்து வளர்த்தது. கொழும்புக்கான அதன் கடைசி நான்கு வரிகள் இவை:

```
5:30  -  +0530  1996 May 25  0:00
6:30  -  +0630  1996 Oct 26  0:30
6:00  -  +06    2006 Apr 15  0:30
5:30  -  +0530
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது கூட்டவேண்டிய மணி. இறுதியில் இருப்பது அந்த வரி செல்லுபடியாகும் கடைசிக் கணம். புதிய வரி வந்ததும் பழையதை அழித்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 2001இல் எழுதிய கடிதத்தை இன்று திறந்தால் 2001இன் விதிப்படியே நேரம் தெரியவேண்டும் அல்லவா? ஆகவே இது நேரத்தின் வரலாற்று நூலும்கூட.

நான்காம் வரி வந்து சேராத ஒரு கணினியை எண்ணிப் பார்ப்போம். 2006 ஏப்ரல் 15, கொழும்பில் காலை 9 மணி. உலக நேரம் 3:30. கணினிக்கு அது சரியாகவே தெரியும். ஆனால் பழைய விதிப்படி ஆறு மணியைக் கூட்டி 9:30 என்று காட்டும். உரிமையாளர் எரிச்சலுடன் கடிகாரத்தை 9:00 என்று திருத்துகிறார். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. கணினியோ உலக நேரமே 3:00 என்று நம்பத் தொடங்குகிறது. அவர் அப்போது சென்னைக்கு அனுப்பும் மின்னஞ்சல் 8:30க்கு அனுப்பியதாக அங்கே தெரியும். இணையத்தோடு நேரத்தைச் சரிபார்க்கும் கணினியானால், திருத்தத்தைத் தள்ளிவிட்டு மறுபடி 9:30க்கே போய்விடும். இப்படிக் கடிகாரம் பிடிவாதம் பிடித்தால், பிழை கடிகாரத்தில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது என்று கொள்ளலாம். யூனிக்ஸ் வகைக் கணினியில் `date -u` என்று கேட்டால் உலக நேரம் வரும். அது சரியாயிருந்து உள்ளூர் நேரம் மட்டும் தவறினால் ஐயமே இல்லை.

சிலர் வேறொரு குறுக்குவழியை நாடலாம்: ஊரைக் கொழும்பிலிருந்து இந்தியாவுக்கு மாற்றிவிடுவது. அன்றைய நேரம் சரியாகிவிடும். ஆனால் முந்தைய பத்தாண்டுகளின் கோப்புகள் எல்லாம் அரை மணி பின்தங்கும். அக்கால விண்டோஸ் எக்ஸ்பியில் முறையான திருத்தமும் இதே விளைவைத்தான் தந்தது. அதன் அட்டவணை ஓர் ஊருக்கு ஒரே விதியைத்தான் வைத்திருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் அதுவே விதி.

ஆனால் இந்தக் கதையில் நம்மை அதிகம் நிறுத்துவது வன்னி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. பத்தாண்டுகளும் ஐந்தரை மணியிலேயே நின்றன. 2002க்குப் பின் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து வடக்கே போனவர்கள் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்தார்கள். 2006இல் கொழும்பு மாறியபோது வன்னிக் கடிகாரங்களைத் தொடவேண்டியிருக்கவில்லை.

1970க்குப் பின் கடிகாரங்கள் ஒத்துப்போன இடங்களுக்கு ஒரே பெயர் போதும் என்பது தரவுத்தளத்தின் பொது வழக்கம். வன்னி அவ்விதம் ஒத்துப்போனது கொழும்போடு அல்ல, இந்தியாவோடு. எனவே தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்வோர் இந்திய நேரத்தைப் பயன்படுத்தலாம் என்று 2006 ஏப்ரல் 18 தேதியிட்ட ஒரு குறிப்பை எகர்ட் எழுதிவைத்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது. எனினும் அது விளக்கக் குறிப்பு. மனிதர் படிப்பதற்கானது, கணினி அதைத் தாண்டிப் போய்விடும். 2003இல் கிளிநொச்சியில் காலை 9 மணிக்குப் பிறந்த குழந்தையின் நேரத்தை இன்று `Asia/Colombo` என்ற பெயரில் பதிந்தால், உலக நேரத்தில் அது 3:00 ஆகும். குழந்தை பிறந்தது 3:30க்கு.