பெனிசிலின் ஒவ்வாமைக் குறிப்பு

பெனிசிலின் வகை மருந்துகளைத் தவிர்க்குமாறு நோயாளியின் மருத்துவச் சீட்டில் எழுதப்படும் எச்சரிக்கை. முறையாகச் சோதித்தால், குறிப்புள்ளோரில் 10-க்கு 9 பேர் மருந்தைத் தாங்குகின்றனர். சிறுவயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பே பலருக்கு ஒவ்வாமையாகப் பதிவாகிறது.

தமிழகத்தில் வழக்கமான, தோலுக்குள் ஏற்றும் ‘டெஸ்ட் டோஸ்’ உப்புநீர் ஒப்பீடின்றிச் செய்யப்பட்டால் நம்பத்தக்கதன்று. ஊசியின் உறுத்தலே தடிப்பாகலாம். பழைய, லேசான தடிப்பு மட்டும் இருந்தவருக்கு, அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் 250 மி.கி. அமாக்சிசிலின் வாய்வழி கொடுத்து, குறைந்தது 1 மணி நேரம் கண்காணிக்கலாம். தோல் உரிந்து கொப்பளித்தவருக்கு இச்சோதனை கூடவே கூடாது.

திண்டுக்கல்லில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான ஒருவரைக் கொள்வோம். அவருக்கு 3 அல்லது 4 வாரத்துக்கொரு பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போதும். தவறான குறிப்பு அவரைத் தினமும் இருவேளை எரித்ரோமைசின் மாத்திரைக்குத் தள்ளுகிறது. வேளை தவறினால் காய்ச்சல் திரும்பி, வால்வு மேலும் கெடலாம்.