மிஸ்கீனின் பாபிலோனிய மூதாதை

ஜகாத் யாருக்குச் சேரவேண்டும் என்று பேசும்போது தமிழ் முஸ்லிம்கள் வாயில் ‘மிஸ்கீன்’ என்ற சொல் வரும். ஏழை, கதியற்றவர் என்று பொருள். அரபி தந்த சொல். அரபிக்கு அது அரமேயத்திலிருந்து வந்தது, அரமேயத்துக்கு அக்காடிய மொழியிலிருந்து. அங்கே அதன் வடிவம் ‘முஷ்கேனும்’. கடைசியில் உள்ள ‘உம்’ நம்முடைய இடைச்சொல் அல்ல, அக்காடிய வேற்றுமை விகுதி. அதை விட்டுவிட்டு முஷ்கேனு என்றே சொல்வோம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர் இது.

வணங்கியவன் பிச்சைக்காரன் அல்ல. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோன் மன்னன் ஹம்முராபி கல்லில் பொறித்த சட்டங்களில் அவனுக்கு மாடு உண்டு, அடிமைகூட உண்டு. மேலே ‘அவீலு’ என்ற உயர்குடி, கீழே அடிமை, நடுவில் இவன். அரண்மனையை அண்டிப் பிழைத்தவனா, வெறும் சாதாரணக் குடியா என்பதில் அறிஞர்களுக்கு இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவன் விலை என்ன என்பதில்தான் குழப்பமே இல்லை.

ஓர் அவீலு இன்னொரு அவீலுவின் கண்ணைக் கெடுத்தால், அவன் கண்ணையும் கெடுப்பார்கள். கெட்டது முஷ்கேனுவின் கண் என்றால் ஒரு மினா வெள்ளி, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, கொடுத்தால் போதும். பிறருடைய அடிமையின் கண்ணானால் அவன் விலையில் பாதி. ‘கண்ணுக்குக் கண்’ என்பதுதான் ஆதிநீதி என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். ஹம்முராபிக்குச் சுமார் முந்நூறு ஆண்டு முந்திய சுமேரிய மன்னன் ஊர்-நம்முவின் சட்டம் கண்ணுக்கும் வெள்ளிதான் கேட்டது. பழைய வழக்கம் முஷ்கேனுவோடு தங்கிவிட்டது. கண்ணுக்குக் கண் உயர்குடிக்குள் மட்டும் வந்த புதுமை.

சில இடங்களில் தாழ்ந்த விலை அவனுக்கு லாபம். வெண்கலக் கத்தியால் அறுவை செய்து பிழைக்க வைத்த வைத்தியருக்கு அவீலு 10 ஷெக்கல் தரவேண்டும், முஷ்கேனு 5 தந்தால் போதும். (60 ஷெக்கல் ஒரு மினா.) பரிசம் கொடுக்காமல் கட்டிய மனைவியை விலக்கினால் அவீலு ஒரு மினா தருவான், முஷ்கேனு அதில் மூன்றில் ஒரு பங்கு. லாபம் கணவனுக்கு, மனைவிக்கு அல்ல.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. கருவுற்ற பெண்ணை அவீலு ஒருவன் அடித்து, கரு கலைந்து, அவளும் இறந்தால் என்ன தண்டனை? இறந்தவள் முஷ்கேனுவின் மகளானால் அரை மினா. அவீலுவின் மகளானால் அடித்தவனின் மகளைக் கொல்வார்கள். அடித்த கை அப்பனுடையது. உயிரைக் கொடுப்பவள் அடிக்காத மகள். மகளைத் தகப்பனின் உடைமையாக எண்ணிய ஒரு சமூகத்துக்கு அது ஈடுக்கு ஈடாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் நடைமுறையில் எந்த அளவு செல்லுபடியாயின என்பது வேறு கேள்வி. அக்காலத்துச் சட்ட ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தும், ஹம்முராபியின் கல்லை மேற்கோள் காட்டித் தீர்ப்புச் சொல்வது அரிது. சொல் மட்டும் ஓயாமல் நடந்தது: அரபியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் இத்தாலியத்தில் ‘மெஸ்கீனோ’, பிரெஞ்சில் ‘மெஸ்கின்’ ஆனது. பிரெஞ்சுக்காரர் இன்று அதை அற்பப் புத்திக்காரனுக்குச் சொல்கிறார்கள்.