சுட்டு மயக்கமும் தொங்கும் எச்சமும்

செறிவாக்கும்போது எழுவாய் குழம்பும் இரு பிழைகள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட நிகழ்வைப் பற்றிய வாக்கியம் ஒன்று: "ரயில் பெட்டியில் அமர்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டார், பின்னர் அவர் உடல் நடைமேடைக் கழிப்பறையில் கிடந்தது." அமர்ந்திருந்தவர் யார்? உடல் யாருடையது? 'அமர்ந்திருந்தபோது' என்ற எச்சமும் 'அவர்' என்ற சுட்டும் இருவருக்கும் பொருந்துவதே சிக்கல். 'அமர்ந்திருந்தபோது' என்பதைப் பெயரெச்சமாக்கி ஆஷுடன் ஒட்டவைக்க வேண்டும். 'அவர்' இருக்குமிடத்தில் பெயரையே போட வேண்டும்.

திருத்தம்: "ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார், பின்னர் வாஞ்சிநாதன் உடல் நடைமேடைக் கழிப்பறையில் கிடந்தது."

பெயர் இருமுறை வருவது இங்கே குறையல்ல. ஒவ்வொரு எச்சத்துக்கும் சுட்டுக்கும் 'யார்?' என்று கேட்டால் பிழை அகப்படும். விடையை வாக்கியமே தராவிட்டால், ஊகிக்காமல் எழுதியவரிடம் கேட்க வேண்டும்.