தசையில் சேரும் கிரியேட்டினும் சலரோகமும்: 1927 முதல் ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் சொல்லப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் இரண்டு பழுதுகள் சேர்ந்தே நிற்கின்றன. கணையம் தேவையான அளவு இன்சுலின் சுரப்பதில்லை. சுரக்கும் இன்சுலினுக்கும் தசை முன்போல் இணங்குவதில்லை. இன்சுலினின் தூண்டுதலால் உடல் உள்ளெடுக்கும் குளுக்கோசில் பெரும்பங்கு எலும்புத்தசைக்குப் போகிறது. எனவே தசை வாங்க மறுக்கும் சீனிதான் இரத்தத்தில் தேங்குகிறது. உடற்பயிற்சி நிலையங்களில் இளைஞர்கள் கரைத்துக் குடிக்கும் கிரியேட்டின் தூள், இந்தத் தசையின் மறுப்பைத் தளர்த்துமா என்ற கேள்வி எப்படி உருவானது, இன்று எங்கே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிரியேட்டினை முதன்முதலில் 1832இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். 1847இல் ஜெர்மனியின் லீபிக், வேட்டையில் ஓடிக் களைத்து இறந்த நரிகளின் தசையில், கூட்டில் வளர்ந்த நரிகளின் தசையில் இருப்பதைவிடப் பல மடங்கு கிரியேட்டின் இருப்பதாக எழுதினார். உழைப்புக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. அது என்ன தொடர்பு என்பது தெரிய மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. அதைக் கண்ட இருவரில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரசை அளக்கும் நிறமுறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். மொலிப்டேட்டுடன் சேர்ந்த பாஸ்பேட் நீல நிறம் தரும்; நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் உடனே முழுமையடையாமல் மெல்ல மெல்ல ஏறியது. முறையின் குறை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. அமிலத்தில் சிறுகச் சிறுக உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் ஏதோ ஒன்று சாற்றில் இருக்கிறது என்று கருதித் தேடினார்கள். கிடைத்தது கிரியேட்டினும் பாஸ்பேட்டும் இணைந்த பாஸ்போகிரியேட்டின். தசையை மின்சாரத்தால் தூண்டிச் சுருங்கவிட்டால் அது குறைகிறது, ஓய்வில் மீண்டும் பெருகுகிறது என்றும் காட்டினார்கள். 1927இல் இது அச்சேறியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியரும் இப்பொருளின் தடயத்தைக் கண்டிருந்தனர். தசை திடீரென உழைக்கும்போது முதல் சில விநாடிகளுக்குச் சக்தியை ஈடுசெய்யும் கையிருப்பு இதுவே.

உண்பதால் அந்தக் கையிருப்பைக் கூட்டலாம் என்று 1992இல் ஹரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் ஆகியோர் காட்டினர். நாளொன்றுக்கு 20 கிராம் அளவில் சில நாட்கள் கொடுத்தபோது தசையின் மொத்தக் கிரியேட்டின் ஏறியது. ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களிடமே ஏற்றம் அதிகம். இந்தக் கடைசிக் குறிப்பு நம்மவர்க்கு முக்கியமானது. கிரியேட்டின் மீனிலும் இறைச்சியிலும்தான் உண்டு. மரக்கறியில் இல்லையென்றே சொல்லலாம். ஆயுட்காலச் சைவச் சாப்பாட்டுக்காரரின் உடல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் தசையிருப்பு சற்றுத் தாழ்ந்தே நிற்கும். மீன் தின்பவரும் அதிகமாய்ப் பெற்றுவிடுவதில்லை. ஒரு கிலோ பச்சை மீனில் ஏறத்தாழ 4 கிராம்தான். எவ்வளவு பாரையும் சீலாவும் தின்றாலும், ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவைச் சோற்றுக் கோப்பையால் எட்டமுடியாது.

சீனியுடனான தொடர்பு பெல்ஜியத்தின் லியூவன் பல்கலைக்கழகத்தில் தெளிவாகத் தொடங்கியது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் ஒரு காலைச் சாந்துக்கட்டில் இரண்டு வாரம் அசையாமல் வைத்தார்கள். பிறகு பயிற்சி கொடுத்தார்கள். இக்காலம் முழுவதும் ஒரு பகுதியினர் கிரியேட்டினும், மற்றவர்கள் கிரியேட்டின் இல்லாத வெறும் தூளும் எடுத்தனர். தசைக்கலத்துக்குள் குளுக்கோசைக் கடத்தும் குளூட்-4 என்ற புரதம், வெறும் தூள் பெற்றவர்களிடம் அசைவற்ற நாட்களில் குறைந்தது. கிரியேட்டின் பெற்றவர்களிடம் குறையவில்லை. பயிற்சிக் காலத்தில் முன்னிருந்ததையும் தாண்டி ஏறியது. அதே சமயம், நல்ல உடல்நிலையிலுள்ள ஆண்களுக்குப் பயிற்சியின்றிக் கிரியேட்டின் மட்டும் கொடுத்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வொன்றில், குளுக்கோசைக் கையாளும் திறனில் மாற்றம் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தசை உழைக்கும்போதுதான் இது வேலை செய்கிறது என்ற ஐயம் எழுகிறது.

அந்த ஐயத்தை நோயாளரிடமே சோதித்தது பிரேசிலின் சாவோ பாலோவில் புருனோ குவலானோவின் குழு. முடிவுகள் 2011இல் வந்தன. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 25 பேர், யாருக்கு எது என்று நோயாளருக்கும் ஆய்வாளருக்கும் தெரியாத வகையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் தினமும் 5 கிராம் கிரியேட்டின் எடுத்தனர், மற்றவர்கள் வெறும் தூள். இரு பகுதியினரும் 12 வாரம் பயிற்சி செய்தனர். மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி, கிரியேட்டின் எடுத்தவர்களிடம் 7.4 சதவீதத்திலிருந்து 6.4க்கு இறங்கியது, மற்றவர்களிடம் 7.5, 7.6 என்று அசையாமல் நின்றது. உணவுக்குப் பின் சீனி ஏறும் அளவும் குறைந்தது. இன்சுலின் அளவில் வேறுபாடில்லை. ஆனால் தசைக்கலத்தின் உட்புறத்தில் இருக்கும் குளூட்-4 வெளிச்சவ்வுக்கு நகர்வது கூடியிருந்தது. ஆகவே கணையம் அதிகமாய்ச் சுரந்ததால் வந்த பலன் அல்ல இது; தசை திறந்துகொடுத்ததால் வந்தது.

ஒரு முழுப் புள்ளி இறக்கம் மாத்திரை ஒன்றின் பலனுக்கு ஈடானது. அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். 25 பேர் மிகச் சிறிய தொகை. பயிற்சியால் மட்டுமே எச்.பி.ஏ.1சி ஓரளவு இறங்குவது வழக்கம். இங்கே வெறும் தூள் பெற்றவர்களிடம் அது இறங்காதது, இடைவெளியைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம். பயிற்சியின்றிக் கிரியேட்டின் மட்டும் எடுத்த மூன்றாவது தொகுதியும் அந்த ஆய்வில் இல்லை. குரோவேசியாவில் நோயாளருக்குக் கொடுத்த சில நாள் ஆய்வுகளில் சீனி இறங்கியதுண்டு. சில நாட்களின் இறக்கத்தை வைத்து ஆண்டுக்கணக்கான நோய்க்கு வழி சொல்ல முடியாது. என் மதிப்பீட்டில், இது நடையோடும் பளுப் பயிற்சியோடும் சேரும் துணைப்பொருளாக மட்டுமே மேலும் சோதிக்கத் தக்கது. மருந்துக்கு மாற்று அல்ல.

கிளினிக்குக்குப் போகும் நோயாளர் அவசியம் அறியவேண்டிய ஒன்று உண்டு. கிரியேட்டின் உடலில் தானாகச் சிதைந்து கிரியேட்டினினாக மாறுகிறது. சிறுநீரகத்தின் நிலையை வைத்தியர் கணிப்பது இந்தக் கிரியேட்டினினைக் கொண்டுதான். 55 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிரியேட்டினின் 1.1 மி.கி. என்றால், 2021ஆம் ஆண்டின் சூத்திரப்படி சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 79 மி.லீ. தூள் எடுக்கத் தொடங்கி அது 1.3 ஆனால், கணக்கு 65 என்று காட்டும். சிறுநீரகம் அப்படியே இருக்கலாம், எண் மட்டும் விழுந்திருக்கும். மெட்போமினின் அளவு இந்த எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படுவதால், ஏற்கெனவே 50க்கு அருகில் இருப்பவருக்கு மருந்து தவறாகக் குறைக்கப்படலாம். மறுபுறம், உண்மையான சிறுநீரகச் சேதத்தைத் தூளின் பேரில் போட்டு அலட்சியம் செய்யும் ஆபத்தும் உண்டு. சிஸ்டாட்டின்-சி பரிசோதனையும் சிறுநீரில் அல்புமின் கசிவும் கிரியேட்டின் தூளால் இப்படி மாறுவதில்லை. இரண்டில் எது உண்மை எனத் தெளிய அவை உதவும். குவலானோவின் குழு நீரிழிவு நோயாளரின் சிறுநீரக வடிகட்டலைக் கதிரியக்கக் குறியிட்ட பொருளால் நேரடியாக அளந்தபோது, கிரியேட்டினால் கேடு தெரியவில்லை. அதுவும் 12 வாரமே.

எனவே கிரியேட்டின் எடுக்கிறவர், இரத்தம் கொடுக்க முன்னரே அதைத் தம் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரில் புரதம் போவதாக ஏற்கெனவே சொல்லப்பட்டவர் வைத்தியர் அனுமதியின்றி இந்தத் தூளைத் தொடக்கூடாது.